வெள்ளம் வந்த மாதத்தின் மேற்செலவு

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் தரைத்தளம் மூழ்கிப் போனது. மறைமலைநகரில் ஃபோர்டு, ஒரகடத்தில் ரெனோ-நிசான், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஹூண்டாய் என்று கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. பெரிய ஆலைகள் நின்றதைப் பத்திரிகைகள் எழுதின. அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளில் அந்த மாதக் கணக்கை எப்படி முடித்தார்கள் என்பது செய்தியாகவில்லை.

அங்கே ஒரு கேள்வி இருந்திருக்கும். மாத முடிவில் கையைக் கடிக்கும் இழப்பில் வெள்ளத்தின் பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு? மழையைக் காட்டி எல்லாவற்றையும் மூடிவிடலாம். ஆனால் நியமச் செலவு முறையில் கணக்கு வைத்திருக்கும் பட்டறையில் அது முடியாது. ஒரு பாகத்துக்கு இத்தனை நிமிடம், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய் என்று முன்கூட்டியே எழுதி வைத்த அளவுகோல் அங்கே இருக்கும். நடந்ததற்கும் அந்த அளவுகோலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காரணம் வாரியாகப் பிரித்துவிடலாம். பொருளுக்கும் கூலிக்கும் இதைச் செய்வது சுலபம். மாணவர்களும் தடுமாறுவது, முதலாளிகளும் குழம்புவது, மேற்செலவில்தான்.

கணக்குக்காகத் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். பத்து சிஎன்சி லேத் இயந்திரங்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டு, மாதம் 25 வேலை நாள். ஆக மாதத்துக்கு 4,000 இயந்திர மணி. வார்ப்படமாக வரும் ஒரு ஹப்பைக் கடைந்து முடிக்க நியம நேரம் 12 நிமிடம் என்றால், மணிக்கு ஐந்து, மாதத்துக்கு 20,000 ஹப். இயந்திரத்தை ஓட்டுபவரின் கூலியும் வார்ப்படத்தின் விலையும் தனிக் கணக்கு. மீதிச் செலவெல்லாம் மேற்செலவு.

அந்த மேற்செலவு இரண்டு வகை. இயந்திரம் ஓடினால் மட்டும் ஏறுவது மாறும் மேற்செலவு: மின்சார யூனிட், கூலன்ட், வெட்டும் இன்சர்ட்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வந்து நிற்பது நிலை மேற்செலவு: வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், காப்பீடு, தேய்மானம். இரண்டும் ஒரே காகிதத்தில் வருவதும் உண்டு. உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலையின் கரண்ட் பில்லைப் பாருங்கள். அதில் யூனிட்டுக்கு ஒரு கட்டணம், கேட்பளவுக்கு ஒரு கட்டணம். தமிழ்நாட்டில் ஒப்பந்தம் செய்த கேட்பளவில் 90 சதவீதத்தை எட்டாவிட்டாலும் அந்த 90 சதவீதத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். யூனிட் கட்டணம் முதல் வகையில் சேரும், கேட்பளவுக் கட்டணம் இரண்டாவதில் சேரும். பில்லை மொத்தமாக ஒரே தலைப்பில் பதிவு செய்யும் பட்டறைகளில் பின்னால் வரும் கணக்கு எதுவுமே சரியாக வராது.

நம் பட்டறையின் நியமம் இது. மாறும் மேற்செலவு இயந்திர மணிக்கு 90 ரூபாய். நிலை மேற்செலவு மாதத்துக்கு 8 லட்சம். அதை 4,000 மணியால் வகுத்தால் மணிக்கு 200 ரூபாய்.

இனி டிசம்பர். ஐந்து நாள் பட்டறைக்குள் தண்ணீர். மீதி இருபது நாளில் இயந்திரங்கள் ஓடியது 3,200 மணி. தேறிய நல்ல ஹப் 15,000. நியமப்படி அதற்கு ஆகியிருக்க வேண்டிய நேரம் 3,000 மணி. மாறும் மேற்செலவாகச் செலவழிந்தது 3,24,000 ரூபாய், நிலை மேற்செலவாக 8,25,000 ரூபாய்.

மூன்று மணிக் கணக்குகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: திட்டமிட்ட 4,000, ஓடிய 3,200, விளைச்சலுக்கு உரிய 3,000. இனி வரும் எல்லாமே இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள தூரங்கள்தான்.

மாறும் மேற்செலவை முதலில் எடுப்போம். 3,200 மணி ஓடியதற்கு மணிக்கு 90 வீதம் 2,88,000 ஆகியிருக்க வேண்டும். ஆனது 3,24,000. கூடுதலான 36,000 ரூபாய் செலவு வேறுபாடு, பாதகமானது. அடுத்து, 3,000 மணியில் முடிய வேண்டிய வேலை 3,200 மணி இழுத்தது. அந்த 200 மணிக்கு 90 வீதம் 18,000 ரூபாய் செயல்திறன் வேறுபாடு, இதுவும் பாதகம். இரண்டும் சேர்ந்து 54,000.

பெயரைப் பார்த்து ஏமாறுகிற இடம் இங்கே இருக்கிறது. செலவு வேறுபாடு என்றதும் விலை ஏறிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். மேற்செலவில் அந்தத் தலைப்பின் கீழ் விலை ஏற்றமும் வரும், விரயமும் வரும். பொருள் கணக்கில் விலை தனியே, உபயோகம் தனியே பிரியும். இங்கே அளவுகோல் மணிதான் என்பதால், ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு மின்சாரமும் கூலன்டும் குடித்தது என்பதைச் செயல்திறன் வேறுபாடு பார்ப்பதே இல்லை. ஒழுகும் ஏர் லைன் வழியாகக் காற்று வீணாகி கம்ப்ரசர் இரவெல்லாம் ஓடினால் அது தெரியப்போவது செலவு வேறுபாட்டில்தான். இயந்திரக்காரர் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் அந்த எண் குறையாது.

ஆகவே 36,000 என்ற எண்ணோடு நின்றுவிடாமல் ரசீதுகளுக்குப் போக வேண்டும். தண்ணீர் வடிந்தும் மின்சாரம் ஒழுங்காக வராத நாட்களில் ஜென்செட்டில் 500 இயந்திர மணி ஓட்டியிருக்கிறார்கள் என்று அதன் பதிவேடு சொல்கிறது. இயந்திரத்துக்கு மணிக்கு ஐந்து யூனிட் வீதம் 2,500 யூனிட். டீசலில் எடுத்த யூனிட், வாரியத்து யூனிட்டைவிட 8 ரூபாய் அதிகம் என்று கொண்டால் 20,000 ரூபாய் அங்கே போயிற்று. சேற்றுநீர் புகுந்த கூலன்டைப் பத்து இயந்திரத்திலும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பியதில், இயந்திரத்துக்கு 1,600 வீதம் 16,000. கணக்கு நேராகிவிட்டது, 36,000 முழுவதும் வெள்ளத்துக்கே. ஆனால் இவை இரண்டும் ஒரே மாதிரிச் செலவு அல்ல. டீசல் கூடுதல் ஜென்செட் ஓடும் மணியோடு ஏறும், கூலன்ட் மாற்றியதோ ஒரு தடவைச் செலவு. அதைச் சராசரியில் கலந்துவிட்டு, மணிக்கு 90 போதாது, அடுத்த ஆண்டு 100 ஆக்குவோம் என்று நியமத்தைத் திருத்தினால், வராத வெள்ளத்துக்கும் வாடிக்கையாளரிடம் விலை கேட்பதாக ஆகும்.

18,000 ரூபாய்ச் செயல்திறன் வேறுபாட்டை மழைமேல் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 200 மணி எங்கே போனது? ரிஜெக்ஷன் ரெஜிஸ்டரில் 500 ஹப் இருக்கிறது. தலைக்கு 12 நிமிடம் என்றால் 100 மணி அங்கேயே போயிற்று. மீதி 100 மணி செட்டிங்கிலும் ரீவொர்க்கிலும். ஈரம் பட்ட இயந்திரத்தை அளவுக்குக் கொண்டுவர நேரமாகும், அது நியாயம். ஆனால் ரிஜெக்ஷன் எந்தத் தேதியில் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். திறந்த முதல் மூன்று நாளில் என்றால் வெள்ளத்தின் வால். மாதக் கடைசியில், விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் என்றால் அது மேலாண்மையின் முடிவு. தேதி இல்லாத ரெஜிஸ்டரிலிருந்து இதைக் கண்டுபிடிக்க எந்தச் சூத்திரமும் உதவாது.

இன்னொரு சோதனையும் உண்டு. அந்த 3,200 மணி எங்கிருந்து வந்தது? இயந்திரத்தின் மணிமானியிலிருந்து எடுத்திருந்தால் நம்பலாம். ஜாப் கார்டிலிருந்து என்றால், கரண்ட் போய்ச் சும்மா நின்ற நேரமும் ஓடிய நேரமாக ஏறியிருக்கும். அப்படி ஏறினால் செயல்திறன் வேறுபாடு பெருத்துக் காட்டும், பழி இயந்திரக்காரர்மேல் விழும். கூடவே செலவு வேறுபாடு இளைத்துவிடும், ஏனென்றால் ஓடாத மணிக்கும் 90 ரூபாய் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஒரு மாதம் செயல்திறன் மோசமாகவும் செலவு அபாரமாகவும் சேர்ந்தே தெரிந்தால் முதலில் மணிக் கணக்கைச் சந்தேகப்படுவது என் வழக்கம்.

நிலை மேற்செலவுக்கு வருவோம். இதன் செலவு வேறுபாடு எளிது. 8 லட்சம் என்று திட்டம், 8,25,000 ஆனது, 25,000 பாதகம். சேறு அள்ளவும் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கவும் கொடுத்த பணம். இங்கே மணிக்கு வேலையே இல்லை. நிலைச் செலவு மணியோடு சேர்ந்து ஏறி இறங்காது என்பதால் திட்டத்தையும் நடந்ததையும் நேருக்கு நேர் வைத்தால் போதும்.

அளவு வேறுபாடுதான் வேறு ரகம். ஆயிரம் பேர் வருவார்கள் என்று இரண்டு லட்ச ரூபாய்க்குக் கல்யாண மண்டபம் பிடித்து, தலைக்கு 200 ரூபாய் வாடகை என்று மனக்கணக்குப் போட்டவர் வீட்டில் 750 பேர்தான் வந்தார்கள் என்றால், 50,000 ரூபாய் யார் தலையிலும் ஏறாமல் நிற்கும். மண்டபக்காரர் ஒரு ரூபாய்கூட அதிகம் வாங்கவில்லை. பட்டறையிலும் அதேதான். தயாரான ஒவ்வொரு ஹப்பின் தலையிலும் 40 ரூபாய் நிலைச் செலவு ஏறுகிறது. 15,000 ஹப்பில் ஏறியது 6 லட்சம். திட்டம் 8 லட்சம். ஏற ஆள் இல்லாமல் நின்ற 2 லட்சம் அளவு வேறுபாடு, பாதகம்.

இதை இன்னும் இரண்டாகப் பிரிக்கலாம். திட்டமிட்ட 4,000 மணிக்கும் ஓடிய 3,200 மணிக்கும் இடையே 800 மணி. மணிக்கு 200 வீதம் 1,60,000 ரூபாய் கொள்திறன் வேறுபாடு. இது கதவு மூடிக் கிடந்ததன் விலை. ஓடிய 3,200க்கும் விளைந்த 3,000க்கும் இடையே 200 மணி. அதே வீதத்தில் 40,000 ரூபாய் செயல்திறன் வேறுபாடு. முன்பு மாறும் மேற்செலவில் பார்த்த அதே 200 மணிதான் இது. அங்கே 18,000, இங்கே 40,000.

இந்த இரண்டு எண்களையும் கூட்டி, செயல்திறன் குறைவால் 58,000 ரூபாய் போயிற்று என்று அறிக்கையில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 18,000 உண்மையாகவே வெளியே போன பணம். 200 மணி மிச்சமாகியிருந்தால் அந்த மின்சாரமும் கூலன்டும் மிச்சம். 40,000 அப்படி அல்ல. 200 மணி மிச்சமாகியிருந்தாலும் வாடகை குறைந்திருக்காது, சூப்பர்வைசர் சம்பளமும் குறைந்திருக்காது. அந்த மணிகளில் வேறு ஹப் கடைந்து, அது விற்றும் இருந்தால்தான் 40,000 என்பதற்குப் பொருள் உண்டு. அப்போதும் சரியான தொகை 40,000 அல்ல.

சரியான தொகை எது? விலையிலிருந்து பொருளையும் மாறும் செலவையும் கழித்தால் ஒரு ஹப்புக்கு 70 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரர்கள் என்பதால் கூலி எப்படியும் போகும். குறைந்துபோன 5,000 ஹப்பையும் வாடிக்கையாளர் வாங்கியிருப்பார் என்றால் இழப்பு 3,50,000 ரூபாய். அளவு வேறுபாடு சொல்வதோ 2 லட்சம். மறுபுறம், கார் ஆலையே நின்றுபோன மாதத்தில் அந்த ஹப்பை வாங்க ஆளே இல்லை என்றால், கூடுதலாகக் கடைந்தது கிடங்கில்தான் கிடந்திருக்கும். ஆக அதே 2 லட்சம் ஒரு சூழ்நிலையில் இழப்பைக் குறைத்துக் காட்டுகிறது, இன்னொன்றில் இல்லாத இழப்பைக் காட்டுகிறது. அளவு வேறுபாட்டைப் படிக்கும்போது வாடிக்கையாளரின் ஆர்டர் பட்டியலும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் அந்த 4,000 என்ற எண்ணிலேயே இருக்கிறது. அதை யார் வைத்தது? பாதி இயந்திரங்களை மூன்று ஷிஃப்ட் ஓட்ட முடியும் என்று நம்பி 5,000 மணி என்று ஒருவர் வைத்திருந்தால் நிலை வீதம் மணிக்கு 160 ஆகியிருக்கும். அதே டிசம்பரில் அளவு வேறுபாடு 3,20,000 பாதகம். எச்சரிக்கையான ஒருவர் 3,200 மணி போதும் என்று வைத்திருந்தால் வீதம் 250, அளவு வேறுபாடு வெறும் 50,000. பட்டறை அதே, மழை அதே, ஹப் அதே 15,000. செலவு வேறுபாடான 25,000 மட்டும் மூன்று கணக்கிலும் அசையாமல் நிற்கும்.

கணக்கியல் தரநிலைகள் இந்த இடத்தில் கயிறு கட்டியிருக்கின்றன. சரக்கிருப்பு பற்றிய இந்தியத் தரநிலை, நிலை உற்பத்திச் செலவை இயல்பான கொள்திறன் அடிப்படையில்தான் பொருள்மேல் ஏற்ற வேண்டும் என்கிறது. இயல்பான கொள்திறன் என்பது சாதாரணச் சூழலில் பல காலப்பகுதிகளில் சராசரியாக எட்டக்கூடிய உற்பத்தி, திட்டமிட்ட பராமரிப்புக்கு நிற்கும் நேரத்தைக் கழித்தது. உற்பத்தி குறைந்துவிட்டது என்பதற்காக ஒரு ஹப்பின்மேல் ஏற்றும் தொகையைக் கூட்டக் கூடாது. ஏறாமல் நின்ற தொகையை அந்தக் காலத்துச் செலவாகவே எழுதிவிட வேண்டும். அதாவது டிசம்பரின் 2 லட்சத்தைக் கிடங்கில் இருக்கும் ஹப்புகளின் விலையில் ஒளித்து வைக்க முடியாது.

இந்தக் கயிறு ஏன் தேவை என்று புரிய, தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகருக்குப் போனால் போதும். அங்கிருந்த ஃபோர்டு ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் கார் செய்யும் கொள்திறன் கொண்டிருந்தது. குஜராத்தின் சானந்த் ஆலையையும் சேர்த்தால் 4.4 லட்சம். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தபோது, அந்தக் கொள்திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பயன்பட்டுக்கொண்டிருந்தது. பத்தாண்டுகளில் சேர்ந்த இயக்க நஷ்டம் 200 கோடி டாலருக்கு மேல் என்று அவர்களே சொன்னார்கள்.

ஐந்தில் ஒரு பங்கு ஓடும் ஆலையில், அந்த ஆண்டின் நிலைச் செலவை அந்த ஆண்டின் கார்கள்மேலேயே போட்டால் ஒவ்வொரு காரும் ஐந்து மடங்குப் பாரம் சுமக்கும். அந்த அடக்கவிலையைப் பார்த்து விலை ஏற்றினால் இன்னும் குறைவாக விற்கும், பாரம் இன்னும் ஏறும். மாறாக, கார்மேல் உரிய பாரத்தை மட்டும் ஏற்றி, மீதியை அளவு வேறுபாடாகத் தனியே நிறுத்தினால் நோய் எங்கே என்று தெரியும். கார் மோசமாகத் தயாராகிறது என்பதல்ல, ஆலை சந்தைக்குப் பெரியதாக இருக்கிறது என்பது. திருமுடிவாக்கத்துப் பட்டறைக்கு வந்தது ஒரு மாதத்துக் கொள்திறன் வேறுபாடு, தண்ணீர் வடிந்ததும் மறையும். மறைமலைநகரில் இருந்தது வருடக்கணக்கில் மறையாத வேறுபாடு. சூத்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான். எந்த மாத அறிக்கையும் தனியே இந்த வித்தியாசத்தைக் காட்டாது, பல மாதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அளவு வேறுபாட்டைச் சாதகமாக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு, விற்கிறதோ இல்லையோ கடைந்து தள்ளுவது. நம் பட்டறையில் ஒரு மாதம் 22,000 ஹப் கடைந்தால் நிலைச் செலவு 8,80,000 ஏறிவிடும், 80,000 சாதகம். 4,000 ஹப் கிடங்கில் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தாலும் அறிக்கை சிரிக்கும். உற்பத்தி மேலாளரின் போனஸை இந்த எண்ணோடு கட்டினால் கிடங்கு நிரம்புவதற்கு நாமே பணம் கொடுக்கிறோம் என்று பொருள்.

டிசம்பருக்கு அடுத்து ஜனவரி வரும். ஆலைகள் திறந்து, நிலுவை ஆர்டர்கள் வரிசையில் நிற்க, பட்டறை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்து ஓட்டுகிறது. கூடுதலாக 640 மணி, வேலையும் நியம நேரத்திலேயே முடிகிறது. மேற்செலவு அறிக்கையில் அளவு வேறுபாடு 1,28,000 ரூபாய் சாதகம் என்று வரும். அந்த ஞாயிறுகளில் தொழிற்சாலைகள் சட்டப்படி கொடுத்த இரட்டிப்புக் கூலி மேற்செலவில் வராது, கூலிக் கணக்கின் பாதக வேறுபாட்டில் வேறொரு தாளில் உட்கார்ந்திருக்கும். டிசம்பரின் 2 லட்சத்தில் எவ்வளவு மீண்டது என்று முதலாளி கேட்டால் கணக்காளர் இரண்டு தாளையும் சேர்த்தே மேசையில் வைக்க வேண்டும். கூடவே, அந்த ஞாயிறுகளில் கடைந்த 3,200 ஹப்பில் எத்தனை ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்டும் டெலிவரி சலான்களையும்.